பாட்டியின் பழைய புடவையில் மணப்பெண்: படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

காலமான பாட்டியின் புடவையைக் கல்யாணத்தன்று கட்டும் பெண்களும் அவர்கள் வீட்டாரும் படத்துக்குக் கேப்ஷன் எழுத உட்காரும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை.

கேப்ஷன்ல குறைஞ்சபட்சம் என்னதான் இருக்கணும்?

புடவை யாருடையது, அவர் அதை எப்போது கட்டினார். இந்த இரண்டும் இருந்தால் போதும். படத்தைப் பார்ப்பவருக்குப் பட்டுப் புடவை கட்டிய ஒரு மணப்பெண்தான் தெரிகிறார். அது பழைய புடவை என்பதோ, பாட்டியுடையது என்பதோ படத்தில் தெரியாது. அதைச் சொல்வதுதான் கேப்ஷனின் வேலை. “அப்பத்தா 1965ல கட்டினது. இன்னைக்கு நான்.” இவ்வளவே முழுமையான கேப்ஷன்தான்.

இதற்கு மேல் ஒன்று சேர்ப்பதானால் அந்தப் புடவைக்கு மட்டுமே உரிய ஒரு விவரத்தைச் சேருங்கள். தேக்குப் பெட்டியில் வேப்பிலையோடு மடித்து வைத்திருந்தது, பெரிய அத்தை கல்யாணத்துக்கும் அதையே கட்டியது, முந்தானை ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை, இப்படி ஏதாவது ஒன்று. “பாரம்பரியம்”, “பொக்கிஷம்”, “தலைமுறை தாண்டிய அன்பு” போன்ற சொற்களை எந்தப் பாட்டியின் எந்தப் புடவைக்கும் போட்டுவிடலாம். அதனால்தான் அவை மனதில் நிற்பதில்லை.

‘பாட்டி’ன்னு போடணுமா, வீட்ல கூப்பிடுற மாதிரியே போடலாமா?

வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே போடுங்கள். அப்பத்தா, அப்பாயி, அம்மாச்சி, ஆச்சி, ஆயா, அம்மம்மா, அப்பம்மா என எதுவாக இருந்தாலும் அந்தச் சொல்லிலேயே ஊரும் உறவும் தெரிந்துவிடும். “அப்பத்தா” என்றால் அப்பாவைப் பெற்றவர் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் “அம்மம்மா” என்றாலே தாய்வழி என்று புரியும். ஆனால் “ஆயா” என்ற சொல் சில ஊர்களில் தாயைப் பெற்றவரை மட்டும் குறிக்கிறது, வேறு சில ஊர்களில் இரு பக்கத்துக்கும் பொது. “ஆச்சி”யும் அப்படித்தான். அந்த இரண்டுக்கும் “அம்மாவைப் பெற்ற ஆச்சி” என்று ஒரு சொல் முன்னால் வைப்பது நல்லது.

புடவையா சேலையா என்பதும் இதே கணக்கு. வீட்டில் சேலை என்று சொல்பவர்கள் படத்துக்காகப் புடவை என்று மாற்ற வேண்டாம். பேச்சு வழக்கில் தொடங்கினால் கடைசிவரை பேச்சு வழக்கு. “கட்டினாங்க” என்று ஒரு வரியும் “அணிந்திருந்தார்” என்று அடுத்த வரியும் வந்தால் இரண்டு பேர் எழுதியது போல் இருக்கும்.

கல்யாணப் படத்துல ‘மறைந்த’ன்னு எழுதினா அபசகுனம்னு வீட்ல சொல்றாங்க. வேற எப்படிச் சொல்றது?

அந்தச் சொல் இல்லாமலே சொல்லலாம். “காலஞ்சென்ற”, “அமரர்”, “தெய்வத்திரு” எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் வருபவை. அங்கே அவற்றுக்கு இடம் உண்டு. படத்தின் கீழே முதல் சொல்லாக வரும்போது, பார்ப்பவர் கண் மணப்பெண்ணிடம் போகும் முன்பே துக்கத்திடம் போய்விடுகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு உறுத்துவதும் அதுதான்.

தமிழில் இறந்த காலமே பாதி வேலையைச் செய்துவிடும். “அப்பத்தா மடிச்சு வச்சுட்டுப் போன புடவை” என்றால் அவர் இல்லை என்று புரிந்துவிடும். “போன” என்ற ஒரு சொல் போதும். வெளியூர் நண்பர்களுக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால், முதல் வரியில் புடவையையும் சந்தோஷத்தையும் வைத்துவிட்டு, கடைசி வரியில் “2011ல அப்பத்தா எங்களை விட்டுப் போனாங்க” என்று நேராக எழுதுங்கள். “நட்சத்திரமாகிவிட்டார்” போன்ற சுற்றுவழி வேண்டாம். நேராகச் சொன்னதைப் பெரியவர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் அது முதல் வரியில் வராமல் இருப்பதுதான்.

புடவை எந்த வருஷம்னு சரியா தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அது பாட்டியின் கல்யாணப் புடவை என்றால் கல்யாணப் பத்திரிகையைத் தேடுங்கள். பத்திரிகை இல்லாவிட்டாலும் பழைய ஆட்கள் “விசுவாவசு வருஷம் ஆவணி மாசம்” என்று தமிழ் வருஷத்தை நினைவு வைத்திருப்பார்கள். தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. சார்வரி 1960 சித்திரையில் தொடங்கியது. அடுத்து பிலவ 1961, சுபகிருது 1962, சோபகிருது 1963, குரோதி 1964, விசுவாவசு 1965, பராபவ 1966. ஐம்பதுகளின் கல்யாணமோ எழுபதுகளின் கல்யாணமோ என்றால் பஞ்சாங்கத்தில் இருக்கும் 60 வருஷப் பட்டியலை எடுத்து, இந்த ஏழில் ஒன்றிலிருந்து முன்னோ பின்னோ எண்ணிக்கொள்ளலாம்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. ஆகவே விசுவாவசு ஆவணி என்றால் 1965 ஆகஸ்ட், செப்டம்பர். விசுவாவசு தை என்றால் 1966 ஜனவரி, பிப்ரவரி. தை, மாசி, பங்குனிக் கல்யாணங்களுக்கு ஆங்கில வருஷம் ஒன்று கூடிவிடும். தை மாதத்தில் கல்யாணம் அதிகம் என்பதால் இந்தத் தவறும் அதிகம்.

வருஷப் பெயரும் கிடைக்காவிட்டால் முதல் பிள்ளையின் பிறந்த ஆண்டைப் பாருங்கள். பெரியப்பா 1968ல் பிறந்தார் என்றால் கல்யாணம் அதற்கு முன்னால்தான். அப்போது “அறுபதுகளில்” என்று எழுதுங்கள். தோராயமாக ஒரு எண்ணைப் போட்டால், படத்தின் கீழே யாராவது ஒரு தாத்தா வந்து திருத்துவார்.

காஞ்சிபுரம் பட்டுன்னு போடலாமா? தங்கச் சரிகைன்னு அம்மா சொல்றாங்க.

பில்லோ கடைப் பெட்டியோ இருந்தால் தயங்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் புடவையைத் திருப்பிப் பாருங்கள். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தனித்தனியாக விட்டு நெய்து, வரிக்கு வரி ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். உடல் நிறமும் கரை நிறமும் சேரும் கோட்டைப் பின்பக்கம் விரலால் தடவினால் அந்தக் கோப்பு சன்னமான மேடாகத் தட்டுப்படும். உடல் ஒரு நிறம், முந்தானை வேறு நிறம் என்றால், இரண்டும் சேரும் இடத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் மாற்றிப் பிணைத்திருப்பார்கள். அதற்குப் பிட்னி என்று பெயர். அந்த இடத்தில் சில வரிகள் மட்டும் இரண்டு நிறமும் கலந்து கொஞ்சம் தடிப்பாக இருக்கும்.

இவை இருந்தால் “கோர்வைப் பட்டு” என்று தைரியமாக எழுதலாம். ஊர்ப் பெயரை உறுதி செய்ய இது மட்டும் போதாது, கோர்வை வேறு ஊர்த் தறிகளிலும் உண்டு. இவை இல்லாததால் புடவை மட்டம் என்றும் ஆகிவிடாது. கோர்வை போடாத நல்ல பட்டும் ஏராளம். அப்போது வெறுமனே “பட்டு” என்று எழுதினால் போதும். மாயவரத்தை ஒட்டிய கூறைநாட்டுப் பழைய கூறைப் புடவை பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட சேலை. அதைக் காஞ்சிப் பட்டு என்று எழுதிவிட்டால் உண்மையான பெருமை கைநழுவிப் போகும்.

தங்கச் சரிகை விஷயத்துக்கு வருவோம். பழைய உயர்தரச் சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசியது. தங்கம் அதில் மேற்பூச்சு மட்டுமே. முலாம் தேய்ந்த மடிப்புகளில் வெள்ளை தெரிந்தால் அடியில் வெள்ளி இருக்க வாய்ப்புண்டு, செம்பு நிறம் தெரிந்தால் அடியில் செம்பு. தானாகப் பிரிந்து நிற்கும் நூலில் மட்டும் பாருங்கள். சோதனைக்காகச் சுரண்ட வேண்டாம், சரிகை அறுந்தால் ஒட்ட வைக்க முடியாது. கேப்ஷனில் “சரிகை” என்பதே போதும்.

நிறத்தை எப்படி எழுதுறது? பாட்டி படம் கறுப்பு வெள்ளையில இருக்கு.

பாட்டியின் பழைய படத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுபவர்களுக்கு நிறத்தின் பெயர்தான் மிகவும் உதவும். கறுப்பு வெள்ளையில் அரக்கும் பச்சையும் ஒரே கருமையாகத்தான் விழும். ஆனால் இரண்டு படத்திலும் இருப்பது ஒரே புடவை என்று வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கக் கரையின் அகலமும் முந்தானைக் கோடுகளும்தான் துணை. அதனால் உங்கள் படத்தில் முந்தானை விரிந்து தெரியும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முந்தானையைப் பற்றி எழுதிவிட்டு, அது தெரியாத படத்தைப் போட்டால் எழுதியது வீண்.

நிறத்துக்குப் புடவைக் கடைப் பெயர்களே அழகு: அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, வாடாமல்லி, கத்தரிப்பூ, கிளிப்பச்சை. “எம்.எஸ். நீலம்” என்பது எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய புடவையால் பெயர் பெற்ற ஒரு குறிப்பிட்ட நீலம். எல்லா நீலத்துக்கும் அந்தப் பெயரைப் போட வேண்டாம்.

எவ்வளவு நீளம் எழுதலாம்?

இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷனுக்கு 2,200 எழுத்துக் குறிகள் வரை இடம் உண்டு. ஆனால் முதல் ஓரிரு வரிகளுக்குப் பிறகு மீதி மடங்கிவிடும், தட்டினால்தான் திறக்கும். தமிழில் அந்த இடம் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். “பாட்டி” நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு குறி: ப, கால், ட, புள்ளி, ட, மேல்விலங்கு. எனவே யாருடையது, எப்போது என்ற இரண்டும் முதல் வரியிலேயே முடிந்துவிட வேண்டும். ரவிக்கை தைத்தவர், படம் எடுத்தவர் பெயர்களை ஒரு வெற்று வரி விட்டுக் கடைசியில் போடுங்கள்.

எங்க விவரம் இதுதான்: அப்பத்தா கல்யாணம் விசுவாவசு ஆவணி, என் கல்யாணம் 2025 ஆவணி, அரக்குப் புடவை, மஞ்சள் கரை, முந்தானையில ஒரு கறை. எப்படிக் கோக்கிறது?

இந்த மாதிரி விவரம் கையில் இருக்கும்போதும் முதலில் எழுத வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “என் மறைந்த பாட்டியின் 60 வருடப் பழமையான காஞ்சிபுரம் தங்கச் சரிகைப் புடவையில், என் வாழ்வின் மிக அழகான நாளில். அவர் ஆசி என்றும் என்னுடன்.” இதில் “மறைந்த” முதலிலேயே வந்துவிட்டது, அப்பத்தா பாட்டியாகிவிட்டார், ஊரும் தங்கமும் உறுதி செய்யாதவை, “மிக அழகான நாள்”, “ஆசி” இரண்டும் யாருக்கும் பொருந்தும். உங்களிடம் இருந்த மூன்று நல்ல விவரங்களில் ஒன்றுகூட வரவில்லை.

இப்போது விவரத்தைப் பாருங்கள். அப்பத்தாவின் விசுவாவசு 1965. 2025 சித்திரையில் பிறந்ததும் விசுவாவசுதான். அறுபது வருஷச் சுற்று சரியாக முடிந்து, அதே பெயருள்ள வருஷத்தில் அதே மாதத்தில் பேத்தியின் கல்யாணம். இரண்டு பத்திரிகைகளிலும் ஒரே வருஷப் பெயர் அச்சாகியிருக்கும். கேப்ஷனின் முதல் வரி இதுதான். கறையை மறைக்காமல் எழுதலாம், அப்பத்தாவின் முகூர்த்தத்தில் பட்ட மஞ்சள் அது என்று வீட்டில் அறிந்தவர் சொன்னால் மட்டும். கோத்துப் பார்த்தால்:

“விசுவாவசு ஆவணியில அப்பத்தா கட்டின கல்யாணப் புடவை. அறுபது வருஷம் சுத்தி வந்து, அதே விசுவாவசு ஆவணியில நான்.
அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. முந்தானை ஓரத்துல இருக்கிற மஞ்சள் கறை அவங்க முகூர்த்தத்துல பட்டது. அதை எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.
அப்பத்தா 1965. நான் 2025.”

ஆசி, அன்பு என்ற சொற்கள் இதில் இல்லை. கறையை எடுக்க வேண்டாம் என்று சொன்னதிலேயே அவை வந்துவிட்டன. உங்கள் வருஷங்கள் இப்படிப் பொருந்தாவிட்டால் இந்த வரியை எடுத்து ஒட்ட வேண்டாம், உங்கள் புடவைக்குரிய விவரம் வேறாக இருக்கும்.

எழுத்துப் பிழை எங்கே அதிகமா வருது?

கரை, கறை. புடவை ஓரம் கரை, பட்ட அழுக்கு கறை. “மஞ்சள் கறை போட்ட புடவை” என்று எழுதினால் பொருளே மாறிவிடும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் இரண்டும் வருவதால் இரண்டு முறை சரிபாருங்கள். அடுத்து ஒற்று: கல்யாணப் புடவை, பட்டுப் புடவை, கூறைப் புடவை என்பவற்றில் “ப்” வரும். பாட்டியின் புடவை என்பதில் வராது. “புடவையைக் கட்டி” என்பதில் “க்” உண்டு, “புடவை கட்டி” என்பதில் இல்லை.

ஆல்பத்தில் அச்சிடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. வடிவமைப்பவர் கணினியில் தமிழ் சரியாக அமைக்கப்படாவிட்டால் கொம்பும் புள்ளியும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். அச்சுக்கு முன் மாதிரிப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, கெ, கே, கொ, கோ, கை போன்ற எழுத்துகளை மட்டுமாவது ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆல்பத்துக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

மடிப்புல கிழிஞ்சு போய் புது உடல்ல கரையை மாத்தித் தச்சிருக்கோம். அதைச் சொல்லணுமா?

சொல்லுங்கள். பல வருஷம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டிலேயே நைந்துவிடும், சரிகையின் கனமும் இழுப்பதால் கட்டும்போது அங்கேயே கிழியும். பழைய கரையையும் முந்தானையையும் புது உடலில் பொருத்துவது வழக்கமான வேலைதான், குறை ஒன்றும் இல்லை. “கரையும் முந்தானையும் அம்மாச்சியோடது, உடல் மட்டும் புதுசு” என்று எழுதினால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். “அறுபது வருஷமா அப்படியே இருக்கு” என்று எழுதினால், முழுப் புடவையையும் முன்பே பார்த்த அத்தைகளுக்கு அது பொய்யென்று தெரியும்.

முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக் கூறைப் புடவையும் வரவேற்புக்குப் பாட்டி புடவையும் கட்டியவர்களும் அதை அப்படியே எழுதலாம். “தாலி கட்டும்போது” என்று எழுதாமல் “சாயந்திரம்” என்றால் முடிந்தது. புடவை எடுத்துக் கொடுத்த வீட்டாருக்கும் மனவருத்தம் இருக்காது.

பாட்டிகிட்ட பேசுற மாதிரி எழுதலாமா? ‘நீ என்கூடத்தான் இருக்க’ன்னு?

ஒரு வரி எழுதலாம், உண்மையில் அவரிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே இருந்தால். அவரை “நீ” என்று சொன்னவர் “நீ” என்றும், “நீங்க” என்று சொன்னவர் “நீங்க” என்றும் எழுத வேண்டும். “அப்பத்தா, கொசுவம் நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே வச்சிருக்கேன்” என்பது பேச்சு. “நீ என்றும் என்னுள் வாழ்கிறாய்” என்று யாரும் பாட்டியிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

பாட்டியே பேசுவது போல அவர் வாயில் வார்த்தை வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. அவர் பிள்ளைகளும் அதைப் படிப்பார்கள், தங்கள் அம்மா சொல்லாததை அவர் சொன்னதாகப் பார்ப்பது அவர்களுக்கு வலிக்கும்.

பாட்டி கடைசி காலத்துல தாத்தா இல்லாம இருந்தவங்க. அவங்க புடவையைக் கட்டலாமான்னு சொந்தத்துல பேசுறாங்க. கேப்ஷன்ல பதில் சொல்லலாமா?

வாதமாகச் சொல்ல வேண்டாம். “பாட்டியின் கல்யாணப் புடவை” என்ற மூன்று சொல்லே பதில்: அவர் தாலி ஏறிய நாளில் கட்டிய புடவை அது. “மூடநம்பிக்கையை உடைத்தேன்” என்று எழுதினால் படம் உங்கள் சித்தியோடு நடக்கும் சண்டையாகிவிடும், பாட்டி காணாமல் போவார்.

இதன் மறுபக்கமும் உண்டு. பாட்டி தாத்தாவுக்கு முன்பே போனவர் என்றால் “சுமங்கலியாகப் போனவர் புடவை” என்று பெருமையாக எழுத ஆசை வரும். வீட்டில் கணவரை இழந்த அத்தையோ பெரியம்மாவோ அதைப் படிப்பார். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

இன்னொரு பாட்டி உயிரோட இருக்காங்க. அவங்க மனசு கஷ்டப்படுமே?

போடும் முன் அவரிடம் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலும் அவருக்கு அந்தப் புடவையைப் பற்றி நீங்கள் அறியாத ஒன்று தெரிந்திருக்கும். எடுத்த கடை, அன்று கொடுத்த விலை, சம்பந்திக் கல்யாணத்தில் அதைப் பார்த்தது, ஏதாவது ஒன்று. அதைக் கேப்ஷனில் சேர்த்தால் அவரும் அதற்குள் வந்துவிடுவார்: “அப்பாயி கட்டினது. இது அரக்கு இல்ல, மாதுளைன்னு திருத்தினது அம்மாச்சி.” அவருக்கென்று வேறு படம் இருந்தால் அதை முதலில் போட்டுவிட்டு, புடவைப் படத்தை மறுநாள் போடுவதும் நல்ல வழிதான்.